அக்கா முன்னா, அகம் முன்னா?

அகல், அக்கா, அங்கம், அஃது, அகம், அக்கரை. இந்த ஆறு சொற்களையும் அகரவரிசைப்படி அடுக்கச் சொன்னால் பெரும்பாலோர் ஒரே இடத்தில் நின்றுவிடுவார்கள். 'அகம்' முதலில் வருமா, 'அக்கா' முதலில் வருமா? தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பொதுத்தமிழ்ப் பாடத்திட்டத்தில் சொற்களை அகரவரிசைப்படி சீர்செய்வது ஒரு தனிப் பகுதியாகவே இருந்திருக்கிறது. பள்ளிப் பாடநூல்களின் மொழிப்பயிற்சியிலும் வார இதழ்களின் சொற்புதிர்களிலும் இதே கேள்வி வேறு வேறு உருவில் வருகிறது. விடை இதுதான்: அஃது, அக்கரை, அக்கா, அகம், அகல், அங்கம்.

அக்காதான் முன். ஏன் என்பதைப் புரிந்துகொண்டுவிட்டால் இந்த வகைப் புதிர்களில் பாதிக்கு மேல் அவிழ்ந்துவிடும்.

குழப்பம் தொடங்குவது நாம் சிறுவயதில் படித்த பட்டியலிலிருந்து. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக மொத்தம் 247 என்று படித்தோம். அது எழுத்துகளை வகைப்படுத்தி எண்ணிக் காட்டும் பட்டியல். அகராதி அந்தப் பட்டியலின்படி நடப்பதில்லை. மெய்யெழுத்துகள் பதினெட்டும் சேர்ந்து ஒரு கூட்டமாக, உயிர்மெய்க்கெல்லாம் முன்னால் வருவதாக வைத்துக்கொண்டால், 'கற்பனை' என்ற சொல் 'ககனம்' என்ற சொல்லுக்கு முன்னால் வந்துவிடும். ஏனென்றால் ற் மெய், க உயிர்மெய். எந்த அகராதியைப் புரட்டினாலும் ககனம் முன்னால்தான் இருக்கிறது. அகராதியில் ஒவ்வொரு மெய்யும் தன் குடும்பத்துக்குத் தலையாக நிற்கிறது. க் முதலில், அதன் பின்னால் க, கா, கி, கீ என்று கௌ வரை. அந்தக் குடும்பம் முடிந்த பிறகுதான் ங். அதன் குடும்பமும் முடிந்த பிறகு ச்.

இதைப் புதிருக்கு ஏற்ற கருவியாக மாற்ற ஒரு எளிய வழி உண்டு. ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு எண்களாகப் பாருங்கள். முதல் எண், மெய்வரிசையில் அதன் இடம். இரண்டாவது எண், உயிர்வரிசையில் அதன் இடம். கி என்றால் க் முதல் மெய், இ மூன்றாம் உயிர், ஆகவே 1-3. மை என்றால் ம் பத்தாம் மெய், ஐ ஒன்பதாம் உயிர், ஆகவே 10-9. புள்ளி வைத்த எழுத்தில் உயிர் இல்லை. இல்லாததற்குச் சுழியம்தான் எண், அதனால் க் 1-0. தனி உயிரில் மெய் இல்லை, எனவே அ 0-1, ஔ 0-12. ஆய்தம் ஔவுக்கும் க் என்பதற்கும் நடுவில் உட்காருகிறது. அதற்கு 0-13 என்று கொடுத்துவிடலாம். முதலில் மெய் எண்ணை ஒப்பிட வேண்டும். அது சமமானால்தான் உயிர் எண்ணைப் பார்க்க வேண்டும்.

இப்போது அக்காவும் அகமும் எளிது. இரண்டிலும் முதலெழுத்து அ. இரண்டாம் எழுத்தில் ஒன்றுக்கு 1-0, மற்றதற்கு 1-1. சுழியம் சிறியது, அக்கா முந்திவிட்டாள். மெய் சேராமல் தனித்து நிற்கும் நிலை உயிர் சேர்ந்த நிலைக்கு முன் என்ற பழைய ஏற்பாடு இந்தச் சுழியத்துக்குள் அடங்கிவிடுகிறது.

எண்களை மனத்தில் நிறுத்த, வரிசை எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும், மனப்பாடம் தேவையில்லை. க் ங், ச் ஞ், ட் ண், த் ந், ப் ம் என்று முதல் பத்தும் ஐந்து இணைகள். ஒவ்வோர் இணையிலும் முதலில் வல்லினம், அடுத்து அதன் இனமான மெல்லினம். நாக்கு அடித்தொண்டைப் பக்கத்திலிருந்து மெல்ல முன்னே வந்து உதட்டில் முடிகிறது. சொல்லிப் பார்த்தாலே தெரியும். பின்னர் இடையின எழுத்துகள் ஆறு: ய் 11, ர் 12, ல் 13, வ் 14, ழ் 15, ள் 16. கடைசியில் ற் 17, ன் 18. இதுவும் ஒரு வல்லின மெல்லின இணைதான், ஆனால் தன் கூட்டத்தை விட்டுக் கடைசிக்கு வந்துவிட்டது. வடமொழி வரிசையிலும் ய ர ல வ என்ற நான்கும் இதே முறையில் வருகின்றன. தமிழுக்கே உரியவையாகத் தெரியும் ழ ள ற ன நான்கும் அதற்குப் பிறகு வரிசையாக நிற்கின்றன. தொல்காப்பியம் தன் முதல் நூற்பாவிலேயே எழுத்துகள் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் முப்பது என்கிறது. வரிசையின் இரு முனைகளும் அவ்வளவு காலமாக மாறாமல் இருக்கின்றன.

புதிர் போடுகிறவர்கள் விரும்பி நடமாடும் இடம் இந்தப் பின்பாதிதான். ர ற, ல ள ழ, ந ன ண ஆகியவை ஓசையில் நெருங்கியவை, வரிசையிலோ எட்டியவை. ர 12, ற 17. ந 8, ன 18. காதால் அடுக்கினால் தவறிவிடும்.

ஒரு கட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். வன்மை, வளி, வலி, வாழை, வற்றல், வழி, வரி, வள்ளல், வறுமை, வல்லம். பத்துச் சொற்களில் ஒன்பது வ-வில் தொடங்குகின்றன. வாழை மட்டும் வா. வ 14-1, வா 14-2, ஆகவே வாழையைக் கடைசியில் வைத்து மறந்துவிடலாம். மீதி ஒன்பதுக்கும் இரண்டாம் எழுத்தின் மெய்யை மட்டும் எழுதுங்கள். வரி 12. வலி, வல்லம் இரண்டும் 13. வழி 15. வளி, வள்ளல் 16. வற்றல், வறுமை 17. வன்மை 18. குவியல்கள் தாமாகவே பிரிந்துவிட்டன. இனி ஒவ்வொரு குவியலுக்குள்ளும் புள்ளி வைத்தது முன்னால் போக வேண்டும். வல்லம் வலிக்கு முன், வள்ளல் வளிக்கு முன், வற்றல் வறுமைக்கு முன். முழு விடை: வரி, வல்லம், வலி, வழி, வள்ளல், வளி, வற்றல், வறுமை, வன்மை, வாழை.

கவனித்தீர்களானால், நாம் பத்துச் சொல்லையும் ஒன்றோடொன்று ஒப்பிடவில்லை. குவியலாகப் பிரித்து, குவியலுக்குள் மட்டும் ஒப்பிட்டோம். தேர்வு அறையில் நேரத்தை மிச்சப்படுத்துவது இந்தப் பழக்கம்தான். சமன் இன்னும் உள்ளே நீடித்தால் இதையே அடுத்த எழுத்தில் தொடர வேண்டும். பட்டம், பட்டறை, பட்டணம் மூன்றுக்கும் முதல் மூன்று எழுத்துகளும் ஒன்றே. நான்காவதில் ம் 10, ற 17, ண 6. ஆகவே பட்டணம், பட்டம், பட்டறை. ஒரு சொல் முடிந்துபோய் மற்றது நீண்டால், முடிந்தது முன். படி முதலில், படிப்பு அடுத்து.

கண் ஏமாறும் இடம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கெ, கே, கை ஆகியவற்றில் கொம்பும் சங்கிலிக் கொம்பும் எழுத்துக்கு இடப்பக்கம் நிற்பதால் அவற்றை முதலில் படித்து, அதை வைத்தே வரிசையைத் தீர்மானிக்கத் தோன்றும். கொ, கோ இரண்டிலும் காலும் கொம்பும் சேர்ந்தே இருக்கின்றன. அவற்றைக் காவுக்கு அருகில் வைத்துவிடுகிறவர்களும் உண்டு. எழுதும் வடிவத்தைப் பார்க்கக் கூடாது. வாயில் ஒலிக்கும் உயிர் எது என்று கேட்க வேண்டும். கொ என்றால் ஒ, பத்தாம் இடம். அவ்வளவுதான்.

அடுத்த வகை, இரண்டு சொற்களைக் கொடுத்து இடையில் வரக்கூடியது எது என்று கேட்பது. அகராதிப் பக்கங்களின் தலைப்பில் முதற்சொல்லும் கடைசிச் சொல்லும் அச்சிட்டிருப்பார்களே, அந்தப் பழக்கத்திலிருந்து பிறந்த புதிர் இது. 'கலை' என்பதற்கும் 'கழுதை' என்பதற்கும் இடையில் வருவது எது? கல்வி, களிறு, கழுத்து, கறவை. இந்த நான்கில் பலர் கல்வியைத் தொடுவார்கள், கலைக்குப் பக்கத்து வீடுபோல் தோன்றுவதால். ஆனால் கல்வியின் இரண்டாம் எழுத்து 13-0, கலையின் இரண்டாம் எழுத்து 13-9. கல்வி முன்னமே போய்விட்டது. களிறு 16, கறவை 17, இரண்டும் எல்லை தாண்டிவிட்டன. மிஞ்சுவது கழுத்து. அது கழுதைக்கு முன்தானா? மூன்றாம் எழுத்தில் ஒன்றுக்கு த் 7-0, மற்றதற்குத் தை 7-9. ஆம், முன்தான். இந்தப் புதிரை அமைத்தவர் எல்லைச் சொல்லையே பொறியாக வைத்திருக்கிறார். கீழெல்லையிலும் மேலெல்லையிலும் புள்ளிதான் தீர்ப்புச் சொல்கிறது.

எழுத்தெழுத்தாகக் கடைசிவரை ஒப்பிடும் இந்த முறை தமிழில் என்றும் இருந்ததில்லை. பழைய நிகண்டுகள் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்தன. தேவர் பெயர்கள், மக்கட் பெயர்கள், விலங்கின் பெயர்கள் என்று பாட்டாக அமைத்து மனப்பாடம் செய்தார்கள். மனத்தில் இருப்பதைத் தேட வரிசை வேண்டியதில்லை. சூடாமணி நிகண்டின் பதினொன்றாம் தொகுதி இன்னும் விசித்திரமானது. பல பொருள் தரும் சொற்களை அது எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்குகிறது. முதலெழுத்து எதுவாக இருந்தாலும் ககர எதுகைச் சொற்கள் ஓரிடத்தில், ஙகர எதுகைச் சொற்கள் அடுத்து என்று போகும். செய்யுள் எழுதுகிறவனுக்கு வேண்டியது எதுகைதான் என்பதால் அது சரியான ஏற்பாடு. சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டு 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலெழுத்தைக் கொண்டு சொற்களை அடுக்கியது. வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகள் கொண்டது. அதில்தான் இன்று நாம் அகராதி என்று சொல்லும் ஒழுங்கு பிடிப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களை இந்த ஒழுங்கில் நிறுத்தியது. புதிரில் விடை பற்றிச் சச்சரவு வந்தால் நான் அதைத்தான் சாட்சிக்கு அழைப்பேன்.

இனித் தொடர் புதிர்கள். க, ச, ட, த, ப, அடுத்து என்ன? கேட்டவுடன் ற என்று சொல்லத் தோன்றும், கசடதபற நாக்கிலேயே இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் இந்தத் தொடர் 1, 3, 5, 7, 9. ஒன்றுவிட்டு ஒன்று போனால் அடுத்தது 11, அது ய. இரண்டு விடைகளும் நியாயமானவை. இனம் பார்த்தால் ற, இடம் பார்த்தால் ய. உயிரிலும் இதே கதை நடக்கிறது. அ, இ, உ, எ என்று கொடுத்தால் குறில் என்று பார்ப்பவர் ஒ என்பார், ஒன்றுவிட்டு எண்ணுகிறவர் ஐ என்பார். குறில் நெடில் என்று மாறி மாறி எட்டாம் இடம் வரை அழகாகப் போகும் வரிசையை, இணைக் குறில் இல்லாத ஐ ஒன்பதாம் இடத்தில் உடைத்துவிடுகிறது. நெடில் தொடரைக் கொடுத்தால் விடைகள் இடம் மாறுகின்றன. ஆ, ஈ, ஊ, ஏ என்பதற்கு அடுத்து எண்ணிக்கைப்படி ஒ, நெடில்படி ஐ.

ஆகவே இத்தகைய தொடரைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, தொடர் உடையும் இடத்தைத் தாண்டிச் செல்கிறதா என்பது. மெய்யில் ப, உயிரில் ஏ, இவற்றுக்கு உள்ளேயே கேள்வி முடிந்துவிட்டால் இனமும் இடமும் ஒரே விடையைத் தரும், கவலை இல்லை. தாண்டினால், கேள்வியின் சொற்களைத் திரும்பப் படிக்க வேண்டும். 'அகரவரிசையில் ஓர் எழுத்து விட்டு' என்றிருந்தால் எண்ணுங்கள். 'அதே இனத்தைச் சேர்ந்த' என்றிருந்தால் இனம். எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால் விருப்பத்தெரிவுகளில் ற, ய இரண்டுமே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றுதான் இருந்தால் வழி தெளிவு. இரண்டும் இருந்தால் அது அரைகுறையாக அமைக்கப்பட்ட கேள்வி. அமைத்தவர்தான் அதற்குப் பொறுப்பு.

இரண்டு எண் முறையின் முழு வீச்சும் வெளிப்படுவது சங்கேதப் புதிர்களில். 'மரம்' என்பதை 'யாலாய்' என்று எழுதினால், 'நாயீள்' என்பது எந்தச் சொல்? முதலில் விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். ம 10-1, அது யா, அதாவது 11-2 ஆகிறது. ர 12-1, அது லா, 13-2 ஆகிறது. ம் 10-0, அது ய், 11-0. ஆக மெய்யும் ஓரிடம் நகர்கிறது, உயிரும் ஓரிடம் நகர்கிறது. புள்ளியின் சுழியம் மட்டும் நகரவில்லை, இல்லாத உயிர் எப்படி நகரும்? இதைக் கவனிக்காமல் ம் என்பதை ய என்று ஆக்கிவிட்டால் புதிர் அங்கேயே சிக்கிக்கொள்ளும். இப்போது பின்னோக்கி வருவோம். நா 8-2, பின்னால் வந்தால் 7-1, த. யீ 11-4, பின்னால் வந்தால் 10-3, மி. ள் 16, பின்னால் வந்தால் 15, ழ். விடை தமிழ்.

கொடுத்த எடுத்துக்காட்டில் மெய்யும் உயிரும் தனித்தனியே எத்தனை இடம் நகர்கின்றன என்று இரண்டு எழுத்திலாவது சரிபார்க்காமல் விடைக்குப் போகக் கூடாது. மெய் மட்டும் நகரும் புதிர்களும் உண்டு. அதில் கடல் 'ஙணவ்' ஆகும். ஆங்கில எழுத்துகளில் ஒரே பாதைதான், முன்னால் அல்லது பின்னால். தமிழில் பாதைகள் இரண்டு, அதனால் ஒரே சொல்லை மறைக்கப் பல வழிகள்.

கணினி இந்த இடத்தில் உதவும் என்று நம்பி, வரிசைப்படுத்தும் வேலையை அதனிடம் கொடுக்கிறவர்கள் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பைத்தானில் இப்படி ஒரு வரி எழுதுவோம்:

```
sorted(["கல்", "கலை", "கள்", "கன்"])
```

வரும் விடை கன், கலை, கல், கள். சரியான வரிசை கல், கலை, கள், கன். மூன்று தவறுகள் அல்ல, காரணங்கள் இரண்டே. யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு, பைத்தான் அந்த எண்ணையே ஒப்பிடுகிறது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு வார்ப்பைத் தழுவி அந்த எண்கள் கொடுக்கப்பட்டதால் ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும், ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னும் இருக்கின்றன. அங்கே ள முதலில், ழ அடுத்து. இது முதல் காரணம். புள்ளிக்கான குறியீடு கால், கொம்பு முதலிய உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது என்பது இரண்டாவது. அதனால்தான் கல் கலைக்குப் பின்னே தள்ளப்பட்டது. கணினி கொடுத்த பட்டியல் சரியா என்று ஒரு பார்வையில் தெரிந்துகொள்ள, ன-வில் தொடங்கும் இரண்டாம் எழுத்துள்ள சொற்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். கனவும் கன்றும் கலைக்கு மேலே இருந்தால் அது எண்வரிசை, அகரவரிசை அல்ல. தமிழ் வரிசை விதிகளைத் தெரிந்த மென்பொருள்கள் இதைச் சரியாகவே செய்கின்றன. எந்த விதியும் சொல்லாமல் விட்டால்தான் இப்படி ஆகிறது.

ஜ, ஷ, ஸ, ஹ என்ற கிரந்த எழுத்துகள் வந்தால் வழக்கமாக அவற்றை ன-வின் குடும்பமும் முடிந்த பிறகு வைப்பது வழக்கம். யூனிகோடோ ஜ-வைச் ச-வுக்கு அருகில் வைத்திருக்கிறது. ஜன்னலும் சன்னலும் ஒரே பட்டியலில் வந்தால், எந்த அகராதியைப் பின்பற்றுகிறோம் என்று புதிர் அமைப்பவர் சொல்லியாக வேண்டும். சொல்ல மனமில்லையென்றால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடலாம். சங்கேதப் புதிரிலும் இதே பொறுப்பு உண்டு. னகரம் பதினெட்டாவது, அதற்கு அப்பால் நகர இடமில்லை. 'மனம்' என்பதை முன்சொன்ன விதிப்படி எழுதினால் ம யா ஆகும், ம் ய் ஆகும், நடுவில் உள்ள ன எங்கே போகும்? சுற்றி வந்து க்-இல் தொடங்கும் என்று அமைப்பவர் சொல்லியிருந்தால் அது கா. அப்போது விடை 'யாகாய்'.